வேலைக்குப் போகிறவர்களுக்கான ஆன்லைன் கோர்ஸுக்குப் பெயர் வைப்பது எப்படி?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பன்னிரண்டு வருடமாகக் கணக்குப் பார்க்கிற தோழி ஒருத்தி, ஆறு மணி நேரத்துக்கு வீடியோ பாடம் எடுத்து ஆன்லைனில் ஏற்றியிருந்தாள். பாடம் நன்றாக இருந்தது. ஒவ்வொரு அடியையும் திரையில் காட்டி, எங்கே தப்பு வரும் என்பதையும் சொல்லியிருந்தாள். ஆனால் சேர்ந்தவர்களில் நிறையப் பேர் இரண்டாவது நாளே பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். கோர்ஸுக்கு அவள் வைத்திருந்த பெயர் "எக்செல் மாஸ்டர் கிளாஸ்: ஜீரோ முதல் ஹீரோ வரை".

பாடத்தில் இருந்ததோ வேறு. ஜிஎஸ்டி கட்டுகிற எந்த கம்பெனியிலும் மாதாமாதம் ஒரு வேலை உண்டு. நமக்குச் சரக்கு விற்றவர்கள் தங்கள் பில்களை அரசாங்க இணையதளத்தில் ஏற்றுவார்கள். அதையெல்லாம் திரட்டி, மாதாமாதம் 14-ம் தேதி GSTR-2B என்று ஓர் அறிக்கை நம் கணக்கில் வந்து நிற்கும். அதில் உள்ள பில்களையும் நம் கொள்முதல் கணக்கில் உள்ள பில்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, எது வரவில்லை, எதில் தொகை மாறியிருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். 2022 ஜனவரி 1 முதல், அந்த அறிக்கையில் வந்த பில்லுக்குத்தான் வரி வரவு எடுக்க முடியும், அதாவது வாங்கும்போது கொடுத்த வரியை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ள முடியும். மாதாந்திர ரிட்டர்னான GSTR-3B-க்கு 20-ம் தேதி கெடு. நடுவில் இருக்கிற அந்த ஆறு நாளில் அக்கவுண்டன்டுகள் படுகிற பாட்டை எளிதாக்குவதுதான் அவளுடைய பாடம்.

"எக்செல் மாஸ்டர்" என்ற பெயரைப் பார்த்துச் சேர்ந்தவர்களில் ஒருவர், மேலாளரிடம் காட்ட வண்ண வண்ண வரைபடம் போடக் கற்றுக்கொள்ள வந்தவர். இன்னொருவர் கல்லூரி முடித்து வேலை தேடுகிற பையன். உண்மையில் இந்தப் பாடம் யாருக்குத் தேவையோ, 15-ம் தேதி ராத்திரி ஒன்பது மணிக்கு அலுவலகத்தில் உட்கார்ந்து பில் பார்த்துக்கொண்டிருக்கிற அந்த ஆள், "எனக்குத்தான் எக்செல் தெரியுமே" என்று அந்தப் பெயரைத் தாண்டிப் போயிருப்பார். எனக்கு இதுதான் பெரிய வருத்தமாக இருந்தது.

நாங்கள் இருவரும் உட்கார்ந்து அந்தப் பெயரை மாற்றிய விதத்தை அப்படியே சொல்கிறேன். உங்கள் கோர்ஸ் தையலாக இருக்கலாம், சேமிப்புக் கிடங்கு நிர்வாகமாக இருக்கலாம், வழி இதுவேதான்.

முதலில் பெயரை மறந்துவிட்டு முடிவை எழுதுங்கள்

பெயர் யோசிக்க உட்காரும்போது எல்லோரும் நேரே பெயரைத்தான் யோசிக்கிறார்கள். அதற்கு முன்னால் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். ராபர்ட் மேகர் என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1962-ல் சொன்ன முறை இதற்கு இன்றும் உதவுகிறது. ஒரு பாடத்தின் நோக்கத்தை எழுதும்போது மூன்று விஷயம் தெரிய வேண்டும் என்றார் அவர். படித்தவர் என்ன செய்வார், எந்தச் சூழ்நிலையில் எதை வைத்துக்கொண்டு செய்வார், எந்த அளவுக்குச் செய்தால் சரி என்று ஒத்துக்கொள்வோம்.

தோழியிடம் இந்த மூன்றையும் கேட்டேன். முதலில் அவள் சொன்னது: "ஜிஎஸ்டி ரீகன்சிலியேஷனை நல்லா புரிஞ்சுக்குவாங்க அண்ணா."

"புரிந்துகொள்வது" என்பதை யாராலும் கண்ணால் பார்க்க முடியாது. தெரிந்துகொள்வது, அறிந்துகொள்வது, தேர்ச்சி பெறுவது எல்லாமே இந்த வகைதான். படித்து முடித்தவர் திங்கட்கிழமை காலை அலுவலகத்தில் உட்கார்ந்து கையால் செய்கிற வேலை எது, அது முடிந்ததும் மேஜையில் என்ன இருக்கும் என்று கேட்டால்தான் சரியான வினைச்சொல் வரும். ஒப்பிடுவது, பட்டியல் எடுப்பது, திருத்துவது, அனுப்புவது, வெட்டுவது, அளப்பது போன்ற சொற்கள் அவை. மறுபடி கேட்டபோது அவள் சொன்னதை எழுதிக்கொண்டேன்:

"இணையதளத்திலிருந்து இறக்கிய 2பி கோப்பையும் டேலியிலிருந்து எடுத்த கொள்முதல் பதிவேட்டையும் வைத்துக்கொண்டு, முந்நூறு பில் வரை உள்ள ஒரு மாதத்துக்கு, விடுபட்ட பில்கள், தொகை மாறிய பில்கள் என்று இரண்டு பட்டியலை எக்செலில் இரண்டு மணி நேரத்துக்குள் எடுத்துவிடுவார்கள்."

இதைப் பெயராக வைக்க முடியாது, ரொம்ப நீளம். ஆனால் இனிமேல் வருகிற ஒவ்வொரு பெயரையும் இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். இந்த வாக்கியத்தில் இல்லாத எதையாவது பெயர் சொன்னால் அது மிகை. இந்த வாக்கியத்தின் முக்கியமான பாதி பெயரில் வரவே இல்லை என்றால், அந்தப் பெயரைப் பார்ப்பவருக்கு உள்ளே என்ன இருக்கிறதென்று தெரியாது.

அவளுக்கு இன்னொரு பயனும் கிடைத்தது. வாக்கியத்தை எழுதி முடித்ததும், ஆறு மணி நேரத்தில் நாற்பது நிமிடம் இந்த முடிவோடு சம்பந்தமே இல்லாமல் வரைபடம் போடுவதைப் பற்றி இருப்பது தெரிந்தது. "எக்செல்" என்று பெயர் வைத்துவிட்டோமே, அதுவும் இருக்கட்டும் என்று சேர்த்திருந்தாள். எடுத்துவிட்டாள்.

அடுத்தவர் கையில் இருப்பதை வாக்குக் கொடுக்காதீர்கள்

பில்டப் இல்லாமல் பெயர் வைக்க வேண்டும் என்று சொன்னால், பலர் "சூப்பர்", "பெஸ்ட்" போன்ற சொற்களை எடுத்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். பில்டப் அங்கே மட்டும் இருப்பதில்லை. வெகு சாதுவான சொற்களுக்குள்ளும் இருக்கும்.

தோழி யோசித்த இரண்டாவது பெயர் "இனி ஒரு ரூபாய் ஐடிசி கூட இழக்க மாட்டீர்கள்". ஐடிசி என்பது மேலே சொன்ன வரி வரவுதான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சரக்கு விற்றவர் தன் ரிட்டர்னைப் போடவே இல்லை என்றால், அந்த பில் 2பி-யில் வரப்போவதில்லை. நம் அக்கவுண்டன்ட் எவ்வளவு திறமையாக ஒப்பிட்டாலும் அந்த மாதம் அந்த வரி வரவு கிடைக்காது. அவர் செய்யக்கூடியது, எந்த பில் வரவில்லை என்று 14-ம் தேதியே கண்டுபிடித்து விற்றவருக்குப் போன் போடுவது. அதற்கு மேல் முடிவு எதிராளியின் கையில்.

எனவே பெயரில் உள்ள ஒவ்வொரு வாக்குறுதியையும் எடுத்து, இது நடக்க வேறு யார் மனம் வைக்க வேண்டும் என்று கேளுங்கள். படிக்கிறவரைத் தவிர இன்னொருவரும் மனம் வைக்க வேண்டும் என்றால் அது பெயரில் இருக்கக் கூடாது. வேலை கிடைப்பது முதலாளியின் கையில். சம்பள உயர்வும் அப்படித்தான். தேர்வில் தேறுவது வினாத்தாளையும் பொறுத்தது. நடந்தால் சந்தோஷம், பெயரில் எழுதி விற்க நமக்கு உரிமை இல்லை.

இதில் சட்டமும் இருக்கிறது. இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பர் 13-ல் பயிற்சி நிறுவனங்களின் விளம்பரங்களுக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. நிச்சயத் தேர்ச்சி, வேலை உறுதி, பதவி உயர்வு என்ற பொய்யான வாக்குறுதிகளும், பாடத்தின் காலம், ஆசிரியரின் தகுதி பற்றிய தவறான தகவல்களும் கூடாது என்கிறது அது. ஓரளவு பெரிய நிறுவனங்களை மனதில் வைத்து வந்தது என்றாலும், தனி ஆளாகப் பாடம் எடுப்பவரையும் 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் தவறான விளம்பரம் பற்றிய விதிகள் கட்டுப்படுத்தும். கோர்ஸின் பெயரே அதன் முதல் விளம்பரம். "டிப்ளமா" என்ற சொல்லையும் சும்மா போட்டுவிடாதீர்கள். எங்கோ அங்கீகாரம் பெற்ற படிப்பு என்று ஆட்கள் நம்பிச் சேருவார்கள்.

சொல்லை அவர்களிடமிருந்தே வாங்குங்கள்

மிகையை எடுத்துவிட்டால் பலர் நேரெதிர்த் திசைக்குப் போய்விடுகிறார்கள். தோழியின் மூன்றாவது முயற்சி: "உள்ளீட்டு வரி வரவு ஒப்பீட்டுச் செயல்முறை: ஓர் அறிமுகம்". இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் எந்த அக்கவுண்டன்டும் பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் "உள்ளீட்டு வரி வரவு ஒப்பீடு முடிந்துவிட்டதா" என்று கேட்பதில்லை. அவர் தேடுவதும் அந்தச் சொல்லை வைத்து அல்ல.

அவளுடைய வாட்ஸ்ஆப்பைத் திறக்கச் சொன்னேன். வருடக்கணக்காக அவளிடம் சந்தேகம் கேட்கிற மற்ற கம்பெனி அக்கவுண்டன்டுகள் என்ன வார்த்தையில் கேட்கிறார்கள் என்று பார்த்தோம். "அக்கா 2பி மேட்ச் ஆகமாட்டேங்குது", "டூபில ரெண்டு பில் மிஸ்ஸாகுதுங்க", "பர்ச்சேஸ் பில்லோட டேலி ஆகல, என்ன பண்றது". முப்பது நாற்பது செய்தி பார்த்ததும் போதும், நமக்கு வேண்டிய சொற்கள் வந்துவிட்டன: 2பி, மேட்ச், பர்ச்சேஸ் பில், மிஸ். "ரீகன்சிலியேஷன்" ஓரிரு ஆடிட்டர்கள் மட்டும் எழுதியிருந்தார்கள்.

உங்களிடம் இப்படிப் பழைய செய்திகள் இல்லை என்றால், அந்த வேலையைச் செய்கிற ஐந்து பேரிடம் பேசுங்கள். "இந்த வேலையில் உங்களுக்குக் கடைசியாக எப்போது சிக்கல் வந்தது, என்ன நடந்தது" என்று கேட்டுவிட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே எழுதுங்கள். உங்கள் பாஷைக்கு மாற்றி எழுதிவிட்டால் தேடி வந்த சொல் கைநழுவிப் போய்விடும்.

எழுத்து வடிவத்தையும் பாருங்கள். அந்த அறிக்கை இணையதளத்தில் GSTR-2B என்று ஆங்கில எழுத்தில்தான் இருக்கிறது. அக்கவுண்டன்ட் மாதாமாதம் பார்ப்பதும் தேடும்போது தட்டுவதும் அதையேதான். எனவே பெயரில் அதை அப்படியே வைத்தோம். திரையில் ஆங்கிலத்தில் பார்க்கிற பெயர் திரையில் உள்ளபடி இருக்கட்டும். வாயில் தமிழாகப் புழங்குகிற பில், மேட்ச் போன்றவை தமிழ் எழுத்தில் இருக்கட்டும். வேற்றுமை உருபு சேரும்போது நடுவில் ஒரு சிறு கோடு போடுங்கள், GSTR-2B-யை என்பது போல. அப்போதுதான் தேடுகிற பெயர் தனியே கண்ணில் படும்.

பெயரைக் கட்டுவது

இங்கேதான் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் வருகிறது, அதைப் பற்றி யாரும் பேசி நான் பார்த்ததில்லை. தமிழில் வினைச்சொல் கடைசியில் வரும். கோர்ஸின் பயனைச் சொல்வது அந்த வினைச்சொல். ஆனால் போனில் பார்ப்பவருக்குப் பெயரின் முன்பாதிதான் தெரியும், பின்னால் மூன்று புள்ளி வைத்து வெட்டிவிடுவார்கள். "வேலைக்குப் போகும் அக்கவுண்டன்டுகள் வீட்டிலிருந்தே…" என்று ஆரம்பித்தால், வெட்டுப்பட்ட பிறகு ஒன்றும் மிஞ்சாது.

வினைச்சொல்லை முன்னால் இழுத்துக்கொண்டு வந்தால் தமிழ் கெட்டுவிடும், அதைச் செய்யாதீர்கள். வேலையின் பொருள் எதுவோ அதை முதல் சொல்லாக வையுங்கள். GSTR-2B என்று தொடங்கினால் உரியவர் அந்த இடத்திலேயே நின்றுவிடுவார். பெயரையும் குட்டையாக வைத்தால் வினைச்சொல் வெட்டுக்குத் தப்பும். யாருக்கான கோர்ஸ், எத்தனை மணி நேரம் என்பதையெல்லாம் துணைத்தலைப்புக்குத் தள்ளிவிடலாம்.

இடம் எவ்வளவு இருக்கிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். ஆன்லைன் கோர்ஸ் விற்கிற யூடெமி தளத்தில் தலைப்புக்கு 60 எழுத்துகள், துணைத்தலைப்புக்கு 120. இதில் தமிழில் எழுதுபவர்களுக்கு ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது. நாம் "யி" என்பதை ஓரெழுத்தாக எண்ணுவோம்; கணினி யகரத்தையும் இகரக் குறியையும் தனித்தனியாக எண்ணும். புள்ளி வைத்த எழுத்தும் இரண்டுதான். "பயிற்சி" நமக்கு நான்கு எழுத்து, கணினிக்கு ஏழு. எனவே கண்ணளவில் சின்னதாகத் தெரிகிற தமிழ்ப் பெயர் தட்டும்போது "அதிகம்" என்று நின்றுவிடும். முன்கூட்டியே பார்க்க, எக்செலின் ஒரு கட்டத்தில் பெயரை எழுதிவிட்டுப் பக்கத்தில் இதைப் போடுங்கள்:

```
=LEN(A1)
```

நாங்கள் கடைசியில் வந்து சேர்ந்த பெயர் இது:

GSTR-2B-யைப் பர்ச்சேஸ் பில்லோடு எக்செலில் மேட்ச் செய்வது

இடைவெளியையும் சேர்த்துக் கண்ணால் எண்ணினால் 36. கணினி கணக்கில் 56. அறுபதுக்குள் அடங்கிவிட்டது. "மேட்ச் செய்வது எப்படி" என்று போட ஆசைப்பட்டாள். அந்த ஒரு சொல்லும் அதன் முன் இடைவெளியும் சேர்ந்தால் அறுபதைத் தாண்டும், பொருளும் கூடவில்லை. விட்டுவிட்டோம்.

எக்செல் என்ற சொல் இங்கே எப்படி இடம் மாறியிருக்கிறது என்று பாருங்கள். முதல் பெயரில் அதுதான் கதாநாயகன். இப்போது அது வெறும் கருவி. வேலைக்குப் போகிறவருக்கு எக்செல் கற்றுக்கொள்ள நேரமில்லை. பில் வேலையை முடிக்கத்தான் நேரம் தேடுகிறார். கருவியின் பெயரைச் சொல்ல வேண்டியது அவசியம், ஏனென்றால் சிலர் அதற்கென்று தனி மென்பொருள் வாங்கியிருப்பார்கள், அவர்களுக்கு இது வேண்டாம். ஆனால் வேலைக்குப் பின்னால் நின்றால் போதும்.

துணைத்தலைப்பு:

டேலி தெரிந்த அக்கவுண்டன்டுகளுக்கு. விடுபட்ட பில்களின் பட்டியல் வரை. GSTR-3B தாக்கல் இதில் இல்லை.

இது 96. முதல் வரி யாருக்கு என்பதையும், அடுத்தது எங்கே நிற்கும் என்பதையும் சொல்கிறது. "வரை" என்ற சொல்லை நான் மிகவும் நம்புகிறேன். எல்லையைக் காட்டுகிற சொல் அது. தலைப்பில் வாக்குறுதி கொடுத்தால் துணைத்தலைப்பில் வேலி போட வேண்டும். மூன்றாவது வரி எப்படி வந்தது என்பதைச் சோதனையைப் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

எடுத்துவிட வேண்டிய சொற்கள்

"முழுமையான", "எளிதான", "ரகசியங்கள்", "ஏ டு இசட்", "மாஸ்டர்". ஒரு சொல் பில்டப்பா இல்லையா என்று பார்க்க நான் செய்வது, அதன் எதிர்ச்சொல்லைப் போட்டுப் பார்ப்பது. "கஷ்டமான எக்செல் பயிற்சி", "அரைகுறையான ஜிஎஸ்டி பயிற்சி" என்று யாராவது பெயர் வைப்பார்களா? மாட்டார்கள் என்றால், "எளிதான", "முழுமையான" என்பவை எதையும் பிரித்துக் காட்டவில்லை. "டேலி தெரிந்தவர்களுக்கு" என்பதற்கு எதிராக "டேலி தெரியாதவர்களுக்கு" என்று ஒரு கோர்ஸ் நிச்சயம் இருக்க முடியும். எனவே அது தகவல், இருக்கட்டும்.

நாள் கணக்கு தனி விஷயம். "7 நாளில்" என்பது தினம் ஒரு மணி நேரமா, பத்து மணி நேரமா? வீட்டுக்கு வந்து குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு உட்காருகிறவரிடம் நாள் கணக்கு சொன்னால் அது பெரும்பாலும் பொய்யாகிவிடும். வீடியோ ஆறு மணி நேரம், பயிற்சிக் கோப்புகளுக்கு இன்னொரு நான்கு மணி நேரம் ஆகலாம் என்று விவரத்தில் எழுதுங்கள். தன் வாரத்தில் அது எங்கே அடங்கும் என்று அவரே கணக்குப் போட்டுக்கொள்வார்.

வருடத்தைப் பெயரில் போடுவதும் வேண்டாம் என்பேன். வரி விஷயத்தில் நடைமுறை அடிக்கடி மாறும். 2024 அக்டோபரில் ஜிஎஸ்டி இணையதளத்தில் ஐஎம்எஸ் என்ற புதுப் பக்கம் வந்தது. அதில் பில்களை ஏற்பதும் நிராகரிப்பதும் 2பி-யைப் பாதிக்கும், 14-ம் தேதிக்குப் பிறகு ஏதாவது செய்தால் 2பி-யை மறுபடி கணக்கிட வைக்க வேண்டியிருக்கும். தோழி அதற்காகத் தனியாக ஒரு பாடம் சேர்த்தாள். பெயரில் வருடத்தை மட்டும் மாற்றிவிட்டுப் பாடத்தை மாற்றாமல் விடுகிற ஆபத்து எப்போதும் இருக்கிறது. "கடைசியாகத் திருத்தியது" என்று விவரத்தில் மாதத்தோடு எழுதி, என்ன திருத்தினோம் என்று ஒரு வரி சொல்வது நேர்மையானது. "14 முதல் 20-க்குள்" என்று தேதியை வைத்துக் கவர்ச்சியாக ஒரு பெயரும் யோசித்தோம். அரசாங்கம் கெடுவை நீட்டிப்பதுண்டு, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடுகிற சிறிய நிறுவனங்களுக்குத் தேதியும் வேறு. அதையும் விட்டோம்.

ஐந்து பேரிடம் காட்டுங்கள், ஆனால் பிடித்திருக்கிறதா என்று கேட்காதீர்கள்

"இந்தப் பெயர் நல்லா இருக்கா?" என்று கேட்டால் எல்லோரும் நல்லா இருக்கு என்பார்கள். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை. தலைப்பை மட்டும், படமோ விவரமோ இல்லாமல், அந்த வேலையில் இருக்கிற ஐந்து பேருக்கு அனுப்புங்கள். கூட ஒரே கேள்வி: "இதில் சேர்ந்தால் முடிவில் உங்களுக்கு என்ன செய்யத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள்?" பதிலை அவர்கள் வார்த்தையிலேயே எழுதிக்கொண்டு, முதலில் எழுதிய அந்த நீள வாக்கியத்தின் பக்கத்தில் வையுங்கள்.

எங்களுக்கு வந்த ஐந்து பதில்களில் மூன்று சரியாக இருந்தன. நான்காவது ஆள், பல்லடத்தில் ஒரு நூல் மில்லில் இருப்பவர், "மேட்ச் பண்ணி 3பி போடற வரைக்கும் சொல்லித் தருவீங்கன்னு நெனச்சேனுங்க" என்றார். அவர் நினைத்ததில் தப்பில்லை. அவருக்கு அது இரண்டும் ஒரே வேலையின் இரண்டு பாதி. பெயர் தெளிவாகத்தான் இருந்தது, ஆனால் அந்தத் தொழிலில் இருப்பவர் மனதில் வேலை எங்கே முடிகிறது என்பது நமக்குத் தெரியவில்லை. துணைத்தலைப்பில் "GSTR-3B தாக்கல் இதில் இல்லை" என்பது வந்தது அவரால்தான். தோழி முதலில் தயங்கினாள்.

"இல்லைன்னு நாமளே எழுதினா சேர மாட்டாங்களே அண்ணா?"

"3பி-க்காக வர்றவங்க சேராம இருக்கிறதுதான்ம்மா நமக்கு வேணும். அவங்க சேர்ந்து, ஏமாந்து, பணத்தைத் திருப்பிக் கேட்கிறதுக்கு இது மேல் இல்லையா?" என்றேன். எழுதினாள்.

ஐந்தாவது பதில் இன்னும் உபயோகமானது. "எங்க ஆபீஸ்ல எக்செல் 2016தான். வருங்களா?" இது பெயரைப் பற்றிய பதிலே அல்ல, ஆனால் பெயர் கொடுக்கிற வாக்குறுதியின் வேர் அது. பாடத்தில் அவள் XLOOKUP என்ற சூத்திரத்தைப் பயன்படுத்தியிருந்தாள். எக்செல் 2021-லும் மைக்ரோசாஃப்ட் 365-லும் அது உண்டு, 2016-ல் இல்லை. "எக்செலில் மேட்ச் செய்வது" என்று பெயர் வைத்துவிட்டு, ஆபீஸ் கணினியில் அது ஓடாது என்றால் பெயர் பொய்யாகிவிடும். வேலைக்குப் போகிறவரால் மென்பொருளை மாற்ற முடியாது, அது நிர்வாகத்தின் விருப்பம். அவள் அந்த இரண்டு பாடத்தையும் COUNTIFS, VLOOKUP வைத்து மறுபடி எடுத்தாள், புதிய வழியைக் கூடுதலாகக் காட்டினாள். சில சமயம் பெயரைத் திருத்துவதற்குப் பதில் பாடத்தைத் திருத்த வேண்டியிருக்கும்.

தொழிலில் இல்லாத நண்பர்களிடம் காட்டும்போது அவர்கள் "எனக்கு ஒண்ணுமே புரியல" என்று சொன்னால் கவலைப்படாதீர்கள். அவர்களுக்குப் புரியாததும், உரியவருக்கு உடனே புரிவதும் இந்த மாதிரிப் பெயரில் சகஜம். அவர்களுக்கும் புரிய வேண்டும் என்று பெயரை விரித்தால் மறுபடி "எக்செல் மாஸ்டர்" பக்கம் போய்விடுவோம்.

வெளியிட்ட பிறகு

சேருவதற்கு முன் வருகிற கேள்விகளை ஒரு தாளில் குறித்து வையுங்கள். பெயர் சரியில்லை என்பது முதலில் அங்கேதான் தெரியும். "இதில் டேலி சொல்லித் தருவீங்களா?" என்ற கேள்வி இரண்டு மூன்று முறை வந்தால், "டேலி தெரிந்த" என்பதை ஆட்கள் கவனிக்கவில்லை அல்லது வேறு மாதிரிப் படிக்கிறார்கள். "விலை எவ்வளவு, சந்தேகம் கேட்கலாமா, சொந்த கம்பெனி கோப்பை வைத்தே பயிற்சி செய்யலாமா" என்ற கேள்விகள் வந்தால் பெயர் தன் வேலையைச் செய்துவிட்டது. உள்ளே என்ன இருக்கிறதென்று புரிந்தவர்தான் அடுத்ததாக இதைக் கேட்பார்.

பணத்தைத் திருப்பிக் கேட்பவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "என்ன இருக்கும் என்று நினைத்துச் சேர்ந்தீர்கள்?" பாடம் பிடிக்கவில்லை, குரல் சரியில்லை, வேகம் அதிகம் என்பது வேறு, அதைப் பாடத்தில் சரிசெய்ய வேண்டும். "நான் நினைத்தது வேறு" என்பது வந்தால் மட்டும் பெயருக்குத் திரும்புங்கள். அப்போதும் ஒரு ஆள் சொன்னதற்காக மாற்றிவிடாதீர்கள், ஒரே மாதிரி மூன்று பேர் சொல்லட்டும். அடிக்கடி பெயர் மாறினால், ஏற்கனவே படித்தவர் இன்னொருவருக்குச் சொல்லும்போது தேடிக் கிடைக்காது.

தோழியின் கோர்ஸில் புதிய பெயருக்குப் பிறகு சேருகிறவர்களின் எண்ணிக்கை குறைந்தது. அதை மறைக்க விரும்பவில்லை. வரைபடக்காரர்களும் வேலை தேடுகிற பையன்களும் வருவதில்லை. வருகிறவர்கள் பெரும்பாலும் மாத நடுவில், 12, 13 தேதிகளில் சேருகிறார்கள். நேற்றைக்கு முந்தின நாள் ஈரோட்டிலிருந்து ஒருவர், தான் எடுத்த முதல் பட்டியலை அவளுக்கு அனுப்பியிருந்தார். விடுபட்ட பில் ஒன்பது. அதில் நான்கு, விற்றவர் பில் நம்பரை INV/0045 என்று ஏற்றியிருக்க, இவர் டேலியில் வெறும் 45 என்று போட்டதால் மேட்ச் ஆகாமல் நின்றவை. அந்த நான்கையும் அவரே கண்டுபிடித்து ஓரத்தில் குறித்திருந்தார். மீதி ஐந்துக்குப் போன் போட்டுக்கொண்டிருக்கிறாராம்.